காதில் விழுந்த பெயர் கைப்பேசியில் கிடைக்குமா?

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை. மேடையோரம் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த இளைஞரிடம் மாப்பிள்ளையின் சித்தி வந்து கேட்டார்: "தம்பி, நீங்க எந்த ஸ்டுடியோ? எம் மகளுக்கும் தையில வச்சிருக்கு."

அந்த இளைஞர் ஆறு வருடமாக இன்னொரு போட்டோகிராபரிடம் வேலை பார்த்தவர். அடுத்த மாதம் சொந்தமாகத் தொடங்கப் போகிறார். கையில் நான்கு பெயர்கள் எழுதிய தாள் ஒன்று இருந்தது. பெயரை முடிவுசெய்ய உதவும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார். ஆல்பம் வடிவமைப்பில் தொடங்கி, இப்போது ஸ்டுடியோக்களின் இணையதளத்தையும் கூகுள் மேப் பக்கத்தையும் சரிசெய்து தருவதுதான் என் பிழைப்பு. நான் கண்ணைக் காட்டினேன். அவர் தாளில் முதலாவதாக இருந்த பெயரைச் சொன்னார்: "தாழம்பூ ஸ்டுடியோஸ்ங்க, அத்தை. இனிமேல்தான் திறக்கப் போறோம். கூகுள்ல பேரைத் தட்டிப் பாருங்க, என்ன வருதுன்னு."

அவர் தட்டினார். `talambu` என்று அடித்தார். பூவைப் பற்றிய பக்கங்கள் வந்தன. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள தாழம்பூர் வந்தது. அழித்துவிட்டு `thalampoo` என்று அடித்தார். 1965-இல் வெளிவந்த எம்.ஜி.ஆர். படம் வந்தது. "ஒண்ணும் வரலியே தம்பி" என்று கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

கடை இன்னும் திறக்கவில்லை, எதுவும் வராதது நியாயம்தான். நான் கவனித்தது அவர் அடித்த எழுத்துகளை. இளைஞரின் தாளில் அந்தப் பெயர் `Thaazhampoo` என்று இருந்தது. காதில் சரியாக விழுந்த பெயரை, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர், இரண்டு முறை இரண்டு விதமாக அடித்தார். இரண்டுமே தாளில் இருந்த எழுத்தல்ல.

இரண்டு வகைத் தேடல்

கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் தேடுகிறவர்கள் இரண்டு விதமாகத் தேடுகிறார்கள். ஒரு கூட்டம் யாரையும் தெரியாமல் தேடுகிறது. `wedding photographer in kovilpatti` என்றோ `photo studio near me` என்றோ அடிக்கும். இன்னொரு கூட்டம் உங்களை ஏற்கெனவே கேள்விப்பட்டது. உறவுக்காரர் கல்யாணத்தில் உங்களைப் பார்த்திருக்கும், அல்லது தோழியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படத்தைப் பார்த்திருக்கும். அது நேராக உங்கள் பெயரை அடிக்கும்.

பெயர் வைக்கிற பலரும் முதல் கூட்டத்தை மட்டும் நினைத்துக்கொண்டு, ஊர்ப்பெயரையும் தொழிலின் பெயரையும் சேர்த்து ஒரு நீளமான பெயரை வைத்துவிடுகிறார்கள். ஆனால் முதல் கூட்டத்துக்கு வழிகாட்டப் பெயரைத் தவிர வேறு பல இடங்கள் இருக்கின்றன. இரண்டாவது கூட்டத்துக்குப் பெயர் ஒன்றுதான் வழி. வாய்மொழியாக வருகிற அந்தக் கூட்டம்தான் முன்பணத்தோடு வருகிற கூட்டமும்கூட. அதனால் பெயரை இரண்டாவது கூட்டத்துக்காக வைக்க வேண்டும். ஒருமுறை கேட்டவர் அடித்தால் நீங்கள் மட்டும் வர வேண்டும். மற்றச் சொற்களுக்கு மற்ற இடங்கள்.

ஒரு பூவுக்கு முப்பத்தாறு எழுத்து

தமிழ்ப் பெயர் வைப்பது நல்லது. கூட்டத்தில் தனித்துத் தெரியும், நம் ஊர் வாயில் நிற்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், நாம் தமிழில் சொல்கிற பெயரைப் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்கு அதற்கொரு முறை கற்றுத்தரவில்லை. ஆளுக்கொரு வழக்கம்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் இளைஞருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 'தா' என்பதை `tha`, `thaa`, `ta` என்று மூன்று விதமாக அடிப்பார்கள். 'ழ' வந்தால் `zh`, `l`, `z` என்று மூன்று விதம். 'பூ' என்பதை `poo`, `pu`, `boo`, `bu` என்று நான்கு விதம். மூன்றை மூன்றால் பெருக்கி நான்கால் பெருக்கினால் முப்பத்தாறு. ஒரே பூவுக்கு முப்பத்தாறு எழுத்து. அதில் ஒன்றைத்தான் அவர் பலகையில் எழுத முடியும்.

சில வடிவங்களை கூகுள் புரிந்துகொள்ளும் என்பது உண்மை. பலர் தேடிப் பழகிய சொல்லாக இருந்தால் `zh` அடித்தாலும் `l` அடித்தாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் அது கொண்டுபோய் விடுகிற இடம் பலரும் போகிற இடமாகத்தான் இருக்கும். தாழம்பூ என்றால் பூவுக்கும் படத்துக்கும் போகும், புதிதாகத் திறந்த ஸ்டுடியோவுக்குப் போகாது. அதனால்தான் பிரபலமான படத்தின் பெயரையோ பாட்டின் முதல் சொல்லையோ ஸ்டுடியோவுக்கு வைப்பது காதுக்கு இனிமையாக இருந்தாலும் தேடலில் கஷ்டம். அந்தச் சொல்லை அடிக்கிற ஆயிரம் பேர் படத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது கூகுளுக்குப் பழகிப்போயிருக்கும்.

எந்த எழுத்துகள் தகராறு செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ழ, ள இரண்டும் முதல் தகராறு. நெடில் அடுத்தது: `a` ஒன்றா இரண்டா, `u` போடுவதா `oo` போடுவதா. பிறகு த, ட, ச: `t`, `th`, `d`, `dh`, `s`, `ch` எல்லாம் கலந்துவிடும். ஒற்று இரட்டிக்கிற இடங்களிலும் ஆளுக்கொரு கணக்கு. மலர், மணி, பனை, கிளி போன்ற சொற்களில் இந்தத் தொல்லை குறைவு. பத்துப் பேர் அடித்தால் அநேகமாகப் பத்துப் பேரும் ஒரே மாதிரி அடிப்பார்கள்.

தாளில் இருந்த மற்ற பெயர்கள்

இரண்டாவது பெயர் `Kovilpatti Wedding Photography`. தேடுகிறவர் அடிக்கிற சொற்களே பெயராக இருந்தால் முதலில் வருவோம் என்பது அவர் கணக்கு. ஒரு காலத்தில் இணைய முகவரியில் அந்தச் சொற்கள் அப்படியே இருந்தால் நன்றாகவே பலன் கிடைத்தது. 2012 செப்டம்பரில் கூகுள் தன் முறையை மாற்றி, முகவரி மட்டும் பொருந்தி உள்ளே சரக்கில்லாத தளங்களைக் கீழே இறக்கியது.

அதைவிடப் பெரிய குறை, அது பெயரே அல்ல என்பதுதான். "யாரு போட்டோ எடுத்தது?" என்று கேட்டால் "கோவில்பட்டி வெட்டிங் போட்டோகிராபி" என்று பதில் சொல்லிப் பாருங்கள். "அது சரி, ஆளு பேரு என்ன?" என்பார்கள். கூகுளும் அதையேதான் நினைக்கும். அந்த மூன்று சொல்லை அடித்தவர் இந்தக் கடையைக் கேட்கிறாரா, ஊரில் உள்ள எல்லாக் கடைகளையும் கேட்கிறாரா என்று அதற்குத் தெரியாது. எல்லோரையும் வரிசையாகக் காட்டும். நம் பெயரை அடித்தவருக்குப் போட்டியாளரைக் காட்டுகிற பெயராகிவிடும். ஊரின் பெயரையும் `Kovilpatti`, `Koilpatti` என்று இரண்டு விதமாக எழுதுகிறார்கள். நாளைக்குத் தூத்துக்குடியிலோ மதுரையிலோ கல்யாணம் பிடிக்கப் போகும்போது ஊர்ப்பெயர் வேலியாகவும் நிற்கும். சட்டத்திலும் இடம் இல்லை. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, தொழிலின் தன்மையையும் ஊரையும் மட்டுமே சொல்கிற பெயரைப் பொதுவாகப் பதிவுசெய்ய விடாது. அதைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறதல்லவா?

மூன்றாவது `Pixel Moments`. பிக்சல், க்ளிக், ஃப்ரேம்ஸ், மெமரீஸ், லென்ஸ் என்ற ஐந்தாறு சொற்களைத்தான் நாடு முழுக்க மாற்றி மாற்றிக் கோத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரின் பெயரோடு அந்தச் சொற்களை மேப்பில் அடித்துப் பார்த்தாலே தெரியும். போதாததற்கு, 2016 முதல் கூகுளின் சொந்தக் கைப்பேசிக்கே பிக்சல் என்றுதான் பெயர். அந்தச் சொல்லோடு போட்டோ என்று சேர்த்து அடித்தால் கேமரா போன்தான் முன்னால் வரும். இதைத் தவிர்க்க எழுத்தைத் திரித்து `Pixal` என்றோ `Klik` என்றோ வைப்பவர்கள் உண்டு. கேட்டவருக்கு அந்தத் திரிப்பு தெரியாது. அவர் சரியான எழுத்தைத்தான் அடிப்பார். திரித்த எழுத்தை அடித்தாலும், தவறாக அடித்துவிட்டார் என்று எண்ணித் திருத்திக் காட்டுவது தேடுபொறியின் வழக்கம்.

நான்காவதாக, தாளின் கடைசியில், பென்சிலால் எழுதி அடித்திருந்த ஒன்று இருந்தது: கரிசல் மயில். "இது ஏன் அடிச்சீங்க?" என்று கேட்டேன். "ரொம்ப ஊர்க்காட்டுப் பேரா இருக்குன்னு அடிச்சுட்டேன் அண்ணாச்சி" என்றார்.

பத்துப் பேர் சோதனை

அடித்த பெயரையே எடுத்துச் சோதித்தோம். சோதனை மிக எளிது. போட்டோ தொழிலில் இல்லாத பத்துப் பேருக்குப் போன் செய்ய வேண்டும். பெயரை ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும், எழுத்துக் கூட்டக் கூடாது. "கேட்ட பெயரை இங்கிலீஷ்ல அடிச்சு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று கேட்க வேண்டும். பத்துப் பேரில் வயதானவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், ஏனென்றால் கல்யாணத்தில் போட்டோகிராபரை விசாரிப்பது பெரும்பாலும் அத்தை, சித்தப்பாதான். பத்துக்கு எட்டு ஒன்றுபோல வந்தால் பெயர் தேறியது என்பது என் கணக்கு. தாழம்பூவுக்கு ஐந்து விதமாக வந்தது. கரிசல் மயிலுக்கு எட்டுப் பேர் `karisal mayil` என்றே அனுப்பினார்கள். ஒருவர் `karisal mail`, இன்னொருவர் `karical mayil`.

அடுத்து, அந்த மூன்று வடிவங்களையும் கைப்பேசியின் மறைநிலைத் தாவலில், அதாவது இன்காக்னிட்டோவில், ஒவ்வொன்றாக அடித்தோம். சாதாரணத் தாவலில் அடித்தால் நாம் முன்பு தேடியதை வைத்து கூகுள் நமக்கு ஏற்றபடி காட்டிவிடும். கரிசல் என்ற சொல்லுக்கு மண்ணைப் பற்றிய பக்கங்கள் வந்தன. இடைசெவல் நம் பக்கத்து ஊர், கி. ராஜநாராயணனைப் பற்றிய பக்கங்களும் வந்தன. மயிலோடு சேர்த்தபோது அந்தப் பெயரில் ஸ்டுடியோ எதுவும் முன்னால் நிற்கவில்லை. இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் அதேபோல் பார்த்தோம். கடைசியாக, வணிகச் சின்னப் பதிவகத்தின் பொதுத் தேடல் பக்கத்தில் 41-ஆவது வகுப்பில் தேடினோம். புகைப்படச் சேவை அந்த வகுப்பில்தான் வரும். எழுத்தாகத் தேடுவதோடு நிற்காமல், ஒலி ஒத்த பெயர்களைத் தேடும் வசதியும் அங்கே இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தனிநபர் இணையவழியில் பதிவுக்கு விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இன்னொருவர் பெயரோடு மோதிப் பலகையைக் கழற்றுகிற செலவு அதைவிடக் கூடுதல்.

பெயருக்குப் பின்னால் எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்பது கடைசிக் கேள்வி. வெட்டிங்ஸ் என்று போட்டால் வளைகாப்பு, குழந்தைப் படம், குடும்பப் படம் கேட்டு வருகிறவர் தயங்குவார். பிலிம்ஸ் என்றால் வீடியோ மட்டும் என்று நினைப்பார்கள். இவருக்குக் கல்யாணமும் உருவப்படமும் இரண்டும் வேண்டும் என்பதால் போட்டோகிராபி என்று முடித்தோம். `Karisal Mayil Photography`. பலகையிலும் பில்லிலும் இதே பெயர்.

மற்றச் சொற்களுக்கு மற்ற இடங்கள்

பெயரில் ஊரும் கல்யாணமும் இல்லையே, தெரியாதவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று அவருக்குக் கவலை. மேப்பில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்கு கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: கேட்டதற்குப் பொருத்தமாக இருக்கிறதா, தேடுகிறவருக்கு எவ்வளவு தூரம், எந்த அளவுக்கு அறியப்பட்ட கடை. பொருத்தத்தைச் சொல்லப் பக்கத்திலேயே வகை என்றொரு கட்டம் இருக்கிறது. முதன்மை வகையாக வெட்டிங் போட்டோகிராபர் என்றும் துணை வகையாக போர்ட்ரெயிட் ஸ்டுடியோ என்றும் தேர்ந்தெடுத்தால் போதும். தூரத்தை எந்தப் பெயராலும் மாற்ற முடியாது. கோவில்பட்டிக் கடை மதுரையில் தேடுகிறவருக்கு முன்னால் வருவது கடினம். மூன்றாவது, வாடிக்கையாளர்கள் எழுதும் விமர்சனங்களாலும் மற்றவர்கள் உங்களைக் குறிப்பிடுவதாலும் மெல்ல வளரும்.

இங்கே ஒரு குறுக்குவழி பலரையும் இழுக்கிறது. பலகையில் இருப்பது ஒரு பெயர், மேப்பில் மட்டும் அதன் பின்னால் "பெஸ்ட் கேண்டிட் வெட்டிங் போட்டோகிராபர் இன் கோவில்பட்டி" என்று வால் ஒட்டுவது. கொஞ்ச நாள் அது பலன் தரவும் செய்யும், மறைப்பதற்கில்லை. ஆனால் கடையின் உண்மையான பெயரை மட்டுமே எழுத வேண்டும் என்பது கூகுளின் விதி. பக்கத்தைப் பார்க்கிற யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம், போட்டிக் கடைக்காரரும் பரிந்துரைப்பார். பக்கம் முடக்கப்பட்டால் சேர்த்த விமர்சனங்கள் யார் கண்ணுக்கும் தெரியாது. கல்யாண சீசன் நடுவில் அப்படி நடந்து, மீட்பதற்குள் தை மாதமே போன ஒருவரை எனக்குத் தெரியும்.

வால் ஒட்ட வேண்டிய இடம் இணையதளத்தின் தலைப்பு வரி. தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரிகிற வரி பெரும்பாலும் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இவருக்கு இப்படி எழுதினோம்:

```
<title>Karisal Mayil Photography | Wedding & Portrait Photographer, Kovilpatti</title>
```

இன்ஸ்டாகிராமிலும் இதே பிரிவினை உண்டு. பயனர் பெயர் ஒன்று, அதோடு சேர்ந்து தெரியும் பெயர் இன்னொன்று. இரண்டுமே தேடலில் வரும். பயனர் பெயரை வாயால் சொல்லக்கூடியபடி `karisalmayil` என்று வைத்தோம். கோடும் புள்ளியும் போட்டு `karisal__mayil.official` என்று வைத்தால் மண்டபத்தில் எப்படிச் சொல்வது? சேர்ந்து தெரியும் பெயரில் கல்யாணத்தையும் ஊரையும் சேர்த்தோம். இணைய முகவரி, யூடியூப் எல்லாவற்றையும் அதே எழுத்தில் ஒரே நாளில் பதிந்தோம். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால், விட்டதை வேறொருவர் எடுத்துவிடுவார்.

படத்தின் மூலையில்

பெயரைக் கேட்பவர்களைவிடப் பார்ப்பவர்கள் அதிகம். படத்தின் மூலையில் நாம் போடுகிற வாட்டர்மார்க்தான் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை வளைந்து நெளிந்த கையெழுத்துப் பாணியில் போட்டால், வாட்ஸ்அப்பில் சுருங்கிய பிறகு யாராலும் படிக்க முடியாது. `KM Photography` என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டால் படிக்க முடியும், தேடினால் ஊர் ஊராக வேறு யாரோ வருவார்கள். அதனால் முழுப் பெயர், சாதாரண எழுத்து. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகப் போட்டு, கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்தோம்.

ஏற்கெனவே பெயர் வைத்துப் பல வருடம் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மேப்பில் புதிய பக்கம் திறக்காதீர்கள். பழைய பக்கத்திலேயே பெயரைத் திருத்துங்கள், விமர்சனங்கள் கூடவே வரும். கூகுள் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம், அதனால் பலகையை முதலில் மாற்றிவிடுங்கள். பழைய இணைய முகவரியைக் குறைந்தது ஒரு வருடமாவது கையில் வைத்து, வருகிறவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

திறந்து மூன்று மாதம் கழித்து அவருடைய தளத்தின் சர்ச் கன்சோல் பக்கத்தை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். எந்தெந்தச் சொல்லை அடித்து வந்தார்கள் என்று அது இலவசமாகவே காட்டும். `karisal mayil`, `karisal mayil kovilpatti`, `karisal mail photo`. எதிர்பார்த்தவைதான். அவற்றின் கீழே, "கரிசல் மயில் போட்டோ எடுக்குறவங்க" என்று முழுக்கத் தமிழில் ஒரு வரி இருந்தது. மைக் பொத்தானை அமுக்கி யாரோ வாயால் கேட்டிருக்க வேண்டும். தளத்தில் பெயர் ஆங்கில எழுத்தில் மட்டும்தான் இருந்தது. லோகோவில் தமிழ் இருந்தது, ஆனால் அது படம். படத்துக்குள் இருக்கிற எழுத்தை நம்பியிருக்க முடியாது.

அன்றைக்கே முகப்புப் பக்கத்தின் முதல் வரியில் 'கரிசல் மயில்' என்று தமிழில் தட்டச்சு செய்து சேர்த்தோம். இனி அடிக்கத் தெரியாத சித்தியும் சொல்லித் தேடலாம். அங்கே முப்பத்தாறு விதம் கிடையாது, ஒரே விதம்தான்.